220 இலட்சத்துக்கு வேலை, கையில் 198: முடியாத கொந்தராத்தில் இலாபம் எவ்வளவு?

திருகோணமலையில் மாலை வகுப்பில் கிரயக் கணக்கீடு படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தக் கணக்கு வரும் வாரத்தில் ஒரு மாணவனாவது தன் வீட்டிலிருந்தே கேள்வியைக் கொண்டுவருவான். இந்தக் கடற்கரையில் கொந்தராத்து எடுப்பவர்கள் அதிகம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை ஏதாவது ஒரு விடுதியோ வீடோ எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வருடம் கேட்டவன் ஒரு கொந்தராத்துக்காரரின் மகன். "சேர், அப்பாவுக்கு 220 இலட்சத்துக்கு பில் பாஸ் ஆகியிருக்கு. ஆனா கையில வந்தது 198 தான். வேலை இன்னும் பாதி கிடக்கு. இந்த வருஷம் இலாபம் எவ்வளவு எண்டு எப்பிடிச் சொல்றது?"

பரீட்சைக் கேள்வியும் இதையேதான் கேட்கிறது. ஆகவே அவன் சொன்ன இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு, மற்ற எண்களை நான் போட்டு, ஒரே ஒரு கணக்கை முழுதாகச் செய்து காட்டுகிறேன். எல்லாத் தொகையும் இலட்சம் ரூபாயில்.

நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. ஒப்பந்த விலை 400. வேலை 2024 ஏப்ரல் 1 இல் தொடங்கியது. கொந்தராத்துக்காரரின் கணக்காண்டு 2025 மார்ச் 31 இல் முடிகிறது. அன்றைக்குக் கட்டடம் மேல்தட்டு வரை வந்திருக்கிறது, பூச்சு வேலையும் கூரை ஓடும் மிச்சம்.

ஒரு கடைக்காரர் சீனியை விற்றால் விற்ற அன்றே இலாபம் தெரிந்துவிடும். கட்டட வேலை இரண்டு வருடம் இழுக்கும். முடியும் வரை இலாபமே காட்டாமல் இருந்தால் முதல் வருடம் வெறுமையாகவும் இரண்டாம் வருடம் வீங்கியும் தெரியும். முழுவதையும் முன்கூட்டியே காட்டிவிட்டால், பிறகு கம்பி விலை ஏறினாலோ வேலையில் பிழை வந்தாலோ, காட்டிய இலாபம் காணாமல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

முதலில் கிரயம். ஒப்பந்தக் கணக்கு என்பது அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் திறக்கும் பேரேட்டுக் கணக்கு. அதன் இடது பக்கத்தில் அந்த சைட்டுக்குப் போன எல்லாச் செலவும் ஏறும். எங்கள் விடுதிக்குப் போன சீமெந்து, கம்பி, கிண்ணியாப் பக்கத்து ஆற்று மணல், கல் எல்லாம் சேர்த்து பொருட்கள் 112. மேசன்மாருக்கும் கூலியாட்களுக்கும் கொடுத்தது 58, மார்ச் கடைசி வாரத்துக்குக் கொடுக்க வேண்டிய அட்டுறு கூலி 2, ஆக 60. மின்கம்பி வேலையை உப ஒப்பந்தத்துக்குக் கொடுத்தது 14. நேர்ச்செலவுகள் 5. தலைமை அலுவலகச் செலவில் இந்த சைட்டின் பங்கு 4. மிக்சர் மெஷினும் சாரக் குழாய்களும் வாங்கி இறக்கியது 30.

இத்தனையையும் அப்படியே கூட்டிவிடுவதுதான் வகுப்பில் நான் அதிகம் காணும் முதல் பிழை. சைட்டுக்குப் போனதெல்லாம் கட்டடத்துக்குள் போகவில்லை. மார்ச் 31 இல் சைட்டில் மிச்சமாகக் கிடக்கும் பொருள் 9. அது அடுத்த வருடத்துச் செலவு. மெஷினும் சாரமும் தேய்ந்தபின் 24 பெறும் என்றால், இந்த வேலை தின்றது பெறுமானத் தேய்வு 6 மட்டுமே. 30 ஐ இடப்பக்கம் எழுதி 24 ஐ வலப்பக்கம் எழுதலாம், அல்லது 6 ஐ மட்டும் இடப்பக்கம் எழுதலாம். விடை ஒன்றுதான். இரண்டையும் கலந்து 30 ஐயும் 6 ஐயும் இடப்பக்கம் எழுதினால் கணக்கு கெட்டது.

இன்னொன்றும் உண்டு. இது எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லாத ஒன்று. வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் அடிக்கும்போது தகரக் கொட்டிலுக்குள் அடுக்கியிருந்த சீமெந்து நனைந்து கட்டியாகிப் போனது. பெறுமதி 2. இதை விடுதியின் கிரயத்தில் சேர்க்கலாமா? கம்பி வெட்டும்போது மிஞ்சும் துண்டு, குழைக்கும்போது சிந்தும் மணல் இவையெல்லாம் எந்த சைட்டிலும் நடக்கும் சாதாரண விரயம். அவை கிரயத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு கொட்டில் சீமெந்து முழுதாக நனைவது அப்படியல்ல, அது அசாதாரண நட்டம். அந்த 2 ஐ ஒப்பந்தக் கணக்கின் வலப்பக்கத்தில் எழுதி, நேரே இலாப நட்டக் கணக்குக்கு மாற்ற வேண்டும். விடுதி கட்டியதில் எவ்வளவு உழைத்தோம் என்ற கேள்விக்குள் மழையின் நட்டத்தைக் கலக்கக்கூடாது.

இப்போது கூட்டுவோம். பொருட்கள் 112 இல் 9 ஐயும் 2 ஐயும் கழித்தால் 101. அதோடு கூலி 60, தேய்வு 6, உப ஒப்பந்தம் 14, நேர்ச்செலவு 5, தலைமை அலுவலகம் 4. இதுவரையான கிரயம் 190.

அடுத்தது வருமானப் பக்கம். கட்டட உரிமையாளர் ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்புப் பொறியியலாளரையோ கட்டடக் கலைஞரையோ அனுப்பி, முடிந்த வேலையை அளந்து ஒரு சான்றிதழ் எழுதச் சொல்வார். அதைத்தான் ஊரில் பில் பாஸாகிவிட்டது என்கிறோம். இப்படிச் சான்றுப்படுத்தப்பட்ட வேலை 220. இந்தத் தொகை ஒப்பந்த விலையின் அடிப்படையில் போடப்படுவது, ஆகவே இதற்குள் இலாபமும் இருக்கிறது. இதை மறக்க வேண்டாம்.

கடைசிச் சான்றிதழ் மார்ச் 15 இல் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு மாத முடிவு வரை ஒரு பக்கச் சுவரும் இரண்டு தூணும் எழும்பியிருக்கின்றன. அவற்றைப் பொறியியலாளர் இன்னும் பார்க்கவில்லை. இது சான்றுப்படுத்தப்படாத வேலை. இதற்குப் போன கிரயம் 6. இந்த 6 ஐக் கிரயத்திலேயே எடுக்க வேண்டும், இலாபம் சேர்க்கக் கூடாது. யாரும் ஒப்புக்கொள்ளாத வேலைக்கு நாமே விலை போட்டு இலாபம் காட்ட முடியாது அல்லவா? அதே நேரம் இந்த 6 ஐ விட்டுவிடவும் கூடாது. அதன் கிரயம் ஏற்கெனவே 190 க்குள் உட்கார்ந்திருக்கிறது. விட்டால் செலவு மட்டும் ஏறி, வேலை ஏறாமல் இலாபம் வீணாகக் குறையும்.

220 ஐயும் 6 ஐயும் கூட்டி 190 ஐக் கழித்தால் 36. வகுப்பில் இதை நோஷனல் இலாபம் என்போம். இன்றைய நிலையில் தாளில் தெரியும் இலாபம், அவ்வளவுதான். இலாப நட்டக் கணக்குக்கு இன்னும் எதுவும் போகவில்லை.

இதில் எவ்வளவைக் கொண்டுபோகலாம்? இங்கேதான் மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். சூத்திரம் இதுதான்:

```
2/3 × நோஷனல் இலாபம் × (பெற்ற காசு ÷ சான்றுப்படுத்தப்பட்ட வேலை)
```

இதில் இரண்டு பின்னங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு பயத்துக்காக வைக்கப்பட்டது. அதைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் சூத்திரம் மறந்தாலும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

முதல் பின்னம் வேலையின் மீதியைப் பற்றியது. 400 இல் 220 என்றால் 55 சதவீதம் முடிந்திருக்கிறது. மிச்சம் 45 சதவீதத்தில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வேலை பாதியோ அதற்கு மேலோ சான்றுப்படுத்தப்பட்டிருந்தால் மூன்றில் இரண்டு பங்கை எடுக்கலாம் என்று வழக்கம். நான்கில் ஒன்றுக்கு மேல் பாதிக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. நான்கில் ஒன்றுக்கும் குறைவு என்றால் அத்திவாரத்தோடு நிற்கிறோம், ஒன்றும் எடுக்கக்கூடாது, முழுவதும் ஒதுக்கம். இந்தப் பங்குகள் இயற்கை விதிகள் இல்லை. கணக்காளர்கள் முன்யோசனைக்காக வைத்துக்கொண்ட வழக்கம். கேள்வியில் வேறு பங்கு சொல்லியிருந்தால் அதையே போடுங்கள்.

பங்கைத் தீர்மானிக்கும்போது 220 ஐ 400 ஆல் வகுக்க வேண்டும். சிலர் 226 ஐ எடுக்கிறார்கள், சிலர் கைக்கு வந்த 198 ஐ எடுக்கிறார்கள். இந்தக் கணக்கில் 198 ஐ எடுத்தால் 49.5 சதவீதம் வந்து, மூன்றில் இரண்டு மூன்றில் ஒன்றாகிவிடும். ஒரு சின்னத் தவறில் விடை பாதியாகும்.

இரண்டாவது பின்னம் காசைப் பற்றியது. சான்றிதழ் 220 க்கு எழுதினாலும் உரிமையாளர் முழுவதையும் கொடுப்பதில்லை. 10 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொள்கிறார். சுவர் வெடித்தால், கூரை ஒழுகினால், கொந்தராத்துக்காரர் திரும்பி வந்து திருத்துவார் என்பதற்கு அதுதான் பிடி. எங்கள் பக்கத்தில் இதை ரிட்டென்ஷன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், தமிழில் நிறுத்திவைத்த பணம். 220 இல் 10 சதவீதம் 22. கைக்கு வந்தது 198.

அந்த 22 க்குள்ளும் இலாபத்தின் ஒரு பகுதி இருக்கிறது. காசு வரும் வரை அந்தப் பகுதியைக் காட்டாமல் பொறுப்போம் என்பதற்காகத்தான் 198 ஐ 220 ஆல் வகுத்துப் பெருக்குகிறோம்.

போட்டுப் பார்ப்போம். 36 இல் மூன்றில் இரண்டு 24. அதில் 198 க்கு 220, அதாவது பத்தில் ஒன்பது, 21.6. இதுதான் இலாப நட்டக் கணக்குக்குப் போகும் இலாபம். மிச்சம் 14.4 ஒதுக்கம். அந்த 14.4 ஐப் பிரித்தும் பார்க்கலாம். 12 என்பது இன்னும் முடியாத வேலையின் பயத்துக்காக நிறுத்தியது. 2.4 என்பது உரிமையாளர் கையில் இருக்கும் ரிட்டென்ஷனுக்காக நிறுத்தியது. நனைந்த சீமெந்தின் 2 தனி வரியில் நட்டமாகப் போகிறது, அதை 21.6 இல் கழித்து ஒரே எண்ணாக எழுதிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் பரீட்சைக்காரர் வைக்கும் ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். கேள்வியில் 220 ஐத் தரமாட்டார்கள். "பெற்ற காசு 198, இது சான்றுப்படுத்தப்பட்ட வேலையின் 90 சதவீதம்" என்று மட்டும் இருக்கும். அவசரத்தில் பலர் 198 ஓடு அதன் 10 சதவீதமான 19.8 ஐக் கூட்டி 217.8 என்று எழுதுவார்கள். பத்து சதவீதம் கழிக்கப்பட்டது 198 இலிருந்து இல்லை, முழுத் தொகையிலிருந்து. ஆகவே 198 ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும். விடை 220. உங்கள் எண் சரியா என்று பார்க்க, அதில் 10 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். 198 வராவிட்டால் பிழை.

அதேபோல ரிட்டென்ஷன் 10 சதவீதம் என்று கேள்வி சொன்னவுடன், பெற்ற காசு 90 சதவீதம் என்று எண்ணிவிடவும் கூடாது. மார்ச் 15 இல் எழுதிய சான்றிதழின் காசு ஏப்ரலில்தான் வந்தது என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அப்படியானால் உண்மையில் ஆண்டு முடிவுக்குள் கைக்கு வந்த காசுதான் பின்னத்தின் மேல் எண்.

இனி நிதிநிலைமைக் கூற்று. மாணவர்கள் பெரும்பாலும் இலாபத்தோடு களைத்து, இதை அவசரமாக எழுதி மார்க்கை விடுகிறார்கள். முடிவுறா வேலை என்பது 220 ஓடு 6, ஆக 226. அதில் ஒதுக்கம் 14.4 ஐக் கழித்தால் 211.6. அதில் பெற்ற காசு 198 ஐக் கழித்தால் 13.6. இதுதான் நடைமுறைச் சொத்தில் வரும். சைட்டில் மிச்சமான பொருள் 9 உம் மெஷின், சாரத்தின் 24 உம் தனியாக வரும். அட்டுறு கூலி 2 பொறுப்பில் வரும்.

இந்த 13.6 சரியா என்று இரண்டு வழியில் பார்க்கலாம். கிரயம் 190, எடுத்த இலாபம் 21.6, கூட்டினால் 211.6. மேலே வந்த அதே எண். இது முதல் வழி. இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் ரிட்டென்ஷன் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். உரிமையாளர் நிறுத்திவைத்த 22, சான்று பெறாத வேலை 6, இரண்டும் 28. இன்னும் உழைக்காத இலாபமான 14.4 ஐக் கழித்தால் 13.6. அதாவது ரிட்டென்ஷன் அந்த 13.6 க்குள்ளேயே இருக்கிறது. தெரியாமல் கீழே "ரிட்டென்ஷன் வரவேண்டியது 22" என்று இன்னொரு தடவை எழுதினால் சொத்து இரட்டித்துவிடும், கூற்று சமப்படாது. ஐந்தொகை 22 ஆல் சமப்படவில்லை என்று ஒரு மாணவி பேப்பரோடு வந்தபோது, நான் எண்களைப் பார்க்கும் முன்னரே இந்த வரியைத்தான் தேடினேன். அங்கேயே இருந்தது.

சரி, நட்டம் வந்தால்? இதே சைட்டில் பொறியியலாளர் 220 க்குப் பதிலாக 180 க்குத்தான் சான்று கொடுத்தார் என்று வையுங்கள். 180 ஓடு 6, அதில் 190 ஐக் கழித்தால் 4 நட்டம். இதற்கு மூன்றில் இரண்டும் இல்லை, காசுப் பின்னமும் இல்லை. முழு 4 உம் உடனே இலாப நட்டக் கணக்குக்குப் போகும். வேலை எத்தனை சதவீதத்தில் நின்றாலும் இதுதான். வரும் என்று நம்பும் இலாபத்துக்குப் பொறுக்கலாம், தெரிந்துவிட்ட நட்டத்தைத் தள்ளிப்போட முடியாது.

அடுத்த வருடத்துக்கும் ஒரு பார்வை. 2026 மார்ச்சில் விடுதி முடியும் தறுவாயில் இருக்கிறது. இதுவரையான கிரயம் 300, முடிக்க இன்னும் 30 வேண்டும். மிச்ச வேலை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கிட்ட வந்துவிட்டதால், இனி மூன்றில் இரண்டு என்று பயப்படத் தேவையில்லை. முழு ஒப்பந்தத்தின் இலாபத்தையே மதிப்பிடலாம். 400 இல் 330 போனால் 70. சான்றுப்படுத்தப்பட்டது 360, பெற்ற காசு 324 என்றால், இலாபத்தை 360 க்கு 400 என்ற விகிதத்திலும் பிறகு 324 க்கு 360 என்ற விகிதத்திலும் பெருக்க வேண்டும். 360 வெட்டுப்பட்டுப்போகும். 70 ஐ 324 ஆல் பெருக்கி 400 ஆல் வகுத்தால் 56.7. இது தொடக்கத்திலிருந்து இதுவரையான இலாபம். போன வருடம் 21.6 ஐ எடுத்துவிட்டோம். ஆகவே இந்த வருடத்துக்கு 35.1. இந்தக் கழித்தலை மறந்து 56.7 ஐயும் எழுதினால், ஒரே இலாபத்தை இரண்டு வருடம் காட்டியதாகிவிடும்.

கொந்தராத்துக்காரரின் மகனுக்கு இதையெல்லாம் சொன்னபிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அவன் அப்பா கம்பனியாகப் பதிந்து, இலங்கைக் கணக்கீட்டு நியமங்களின்படி நிதிக்கூற்றுத் தயாரித்தால் இந்த மூன்றில் இரண்டு விதி அங்கே செல்லாது. முன்பு கட்டுமான ஒப்பந்தங்களுக்கு எல்.கே.ஏ.எஸ். 11 இருந்தது. 2018 ஜனவரி 1 முதல் அந்த இடத்தில் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 15 இருக்கிறது. அங்கே வேலை எவ்வளவு முன்னேறியது என்று நியாயமாக அளந்து, அந்த அளவுக்கு வருமானத்தை எடுப்பார்கள். முதல் வருட முடிவில் மொத்தக் கிரயம் 330 வரும் என்று நம்பிக்கையாக மதிப்பிட முடிந்திருந்தால், 190 க்கு 330 என்ற விகிதத்தில் 70 இல் ஏறக்குறைய 40 இலாபம் அந்த வருடமே தெரியும். எங்கள் விடை 21.6. இரண்டும் ஒரே சைட்தான், பயத்தின் அளவுதான் வேறு. கிரயக் கணக்கீட்டுப் பேப்பரில் பழைய முறை கேட்டால் பழைய முறை, நிதிக் கணக்கீட்டுப் பேப்பரில் நியமம் கேட்டால் நியமம். கேள்வியின் முதல் இரண்டு வரியில் அது தெரிந்துவிடும்.

அப்புறம், ரிட்டென்ஷன் எப்போது கைக்கு வரும் என்று அவன் கேட்டான். விடுதியைக் கையளித்த பிறகு மிச்ச வேலைக்கும் சான்று கிடைத்தால், நிறுத்திவைத்தது 400 இல் 10 சதவீதம், 40. பொதுவாக அதில் பாதியைக் கட்டடத்தை ஏற்றுக்கொள்ளும்போது விடுவிப்பார்கள். மற்றப் பாதி 20, குறை திருத்தும் காலம் முடியும் வரை, பல ஒப்பந்தங்களில் ஒரு வருடம், உரிமையாளரிடமே இருக்கும். வேலை முடிந்துவிட்டதால் இனி முடிவுறா வேலை என்று ஒன்று இல்லை. 400 முழுவதும் உரிமையாளர் கணக்கில் ஏறிவிடும், அந்த 20 அவரிடமிருந்து வரவேண்டியதாகத் தனியே நிற்கும். ஆனால் நிலாவெளிக் கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து, பூச்சு உதிர்ந்து, அந்த ஒரு வருடத்துக்குள் 3 இலட்சத்துக்குத் திருத்த வேலை வரும் என்று கொந்தராத்துக்காரருக்கே தெரிந்திருந்தால், இலாபத்தை மூடும் முன் அந்த 3 க்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் 70 ஐ 67 ஆக எழுத வேண்டும்.